பகுதிநேர ஊழியர் படிக்க விண்ணப்பிக்கும்போது: வேலை கொடுத்தவர் பரிந்துரைக் கடிதம் எழுதுவதற்கான முழுமையான வழிகாட்டி

என்னிடம் பகுதிநேரமாக வேலை பார்த்த பலர் படிக்கப் போனபோது கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதிதாக மேற்பார்வையாளர் ஆனவர்கள் எழுதிய கடிதங்களைத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். உட்கார்ந்த உடனே "நேர்மையானவர், கடின உழைப்பாளி, பொறுப்பானவர்" என்று எழுதிவிட்டு, அந்தச் சொற்களுக்கு ஏற்ற சம்பவத்தைப் பிறகு தேடுகிறார்கள். முதலில் பதிவேட்டையும் நினைவையும் புரட்ட வேண்டும். என்ன சொல்லலாம் என்பதை அங்கே கிடைப்பதுதான் முடிவு செய்ய வேண்டும்.

வழிகாட்டி முழுக்க ஒரே ஆளை வைத்துக்கொண்டு போகிறேன். மருந்துக்கடை ஒன்றில் சரக்கு அடுக்கும் வேலைக்குப் பகுதிநேரமாகச் சேர்ந்து, 14 மாதம் கழித்து மருந்தியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்த பெண் அவர். அவருக்கு நான் எழுதிய முதல் வரைவு சரியாக வரவில்லை. ஏன் என்பதையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

1. எழுதுவது யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கடையின் உரிமையாளர் கையெழுத்துப் போட்டால் கடிதத்துக்கு எடை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஊழியரை மாதம் ஒரு முறை மட்டும் பார்த்த உரிமையாளரால் நான்கு வரிக்கு மேல் எழுத முடியாது. எழுதினாலும் எல்லாம் பொதுவாகத்தான் இருக்கும். கூடவே நின்று வேலை வாங்கியவர் எழுதட்டும். உரிமையாளரின் பெயரும் வேண்டுமென்றால், "இதில் உள்ள பதிவேட்டு விவரங்கள் சரியானவை" என்று கீழே ஒரு வரி சேர்த்து அவர் தனியாகக் கையெழுத்திடலாம்.

ஊழியர் உங்கள் உறவினர் என்றால் நீங்கள் எழுதாதீர்கள். பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ், குடும்பத்தாரும் நண்பர்களும் பரிந்துரை எழுதுவதை ஏற்பதில்லை. அப்படி வெளிப்படையான விதி இல்லாத இடத்திலும், ஒரே குடும்பப் பெயரைப் பார்த்ததும் படிப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். உறவில்லாத மூத்த ஊழியர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள்.

நல்லதாகச் சொல்ல உண்மையில் எதுவும் இல்லையென்றால் அன்றைக்கே மறுத்துவிடுங்கள். அரை மனதோடு எழுதிய கடிதம் அவருக்குக் கெடுதல்தான் செய்யும். சீக்கிரம் மறுத்தால் வேறொருவரைத் தேட அவருக்கு நேரம் இருக்கும்.

2. ஊழியரிடம் கேட்டு வாங்க வேண்டியவை

எந்தப் படிப்பு, எந்த நிறுவனம், கடைசித் தேதி எது, கடிதத்தை எப்படி அனுப்ப வேண்டும் என்ற நான்கும் எழுத்தில் வேண்டும். பரிந்துரை எழுதுபவருக்கு என்று நிறுவனம் தனியாகக் குறிப்பு கொடுத்திருந்தால் அதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். சில இடங்களில் ஒரு பக்கம் என்பார்கள். சில இடங்களில் கேள்வி கேள்வியாகப் பதில் கேட்பார்கள். யூகாஸ் 2024 சேர்க்கையிலிருந்து பரிந்துரையை மூன்று பகுதிகளாகப் பிரித்துவிட்டது. இது தெரியாமல் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, பிறகு வெட்டி ஒட்டி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவர் எழுதிய விண்ணப்பக் கட்டுரையின் வரைவையும் கேளுங்கள். அதில் இருப்பதையே நீங்களும் எழுதாமல் இருப்பதற்காகத்தான் இது. கட்டுரையில் அவர் சொன்ன சம்பவத்தை நீங்கள் தொட்டால், நீங்கள் நின்ற இடத்திலிருந்து என்ன தெரிந்தது என்பதைச் சொல்லுங்கள்.

"வேலையில் உங்களுக்கே முக்கியமாகத் தோன்றிய ஐந்து விஷயங்களைத் துண்டுக் குறிப்பாக எழுதிக் கொடுங்கள்" என்றும் கேட்கலாம். கடிதத்தையே எழுதிக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். வேலை மிச்சம் என்று பலரும் செய்கிறார்கள். கட்டுரையும் கடிதமும் ஒரே கையில் எழுதியது போல இருந்தால் சேர்க்கைக் குழுவினர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, தன்னைப் பற்றி எழுதக் கூச்சப்பட்டு அவர் விட்டுவிடுகிற விஷயங்கள். நீங்கள் மட்டுமே சொல்லக்கூடியவை பெரும்பாலும் அவைதான்.

3. நம்பகத்தன்மைக்குப் பதிவேட்டைத் திறங்கள்

"நேரம் தவறாதவர்" என்ற வரியை யாரும் எண்ணிப் பார்த்து எழுதுவதில்லை. அதனால் அதைப் படிப்பவரும் நம்புவதில்லை. வருகைப் பதிவேடு, ஷிப்ட் அட்டவணை, விடுப்புக் கேட்டு வந்த குறுஞ்செய்திகள் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு நான் எடுத்த கணக்கு இது. 14 மாதத்தில் 60 வாரம், வாரம் மூன்று ஷிப்ட், ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். ஆக, போட்ட ஷிப்ட் 180. வந்தவை 171, வராதவை 9. இந்த 9 எப்படி வந்தது என்று பார்த்தபோதுதான் எனக்கே ஒன்று புரிந்தது. ஏழு நாள் தேர்வுக்காக. ஏழு முறையும் குறைந்தது ஒரு வாரம் முன்பே சொல்லி, தனக்குப் பதில் யார் வருவார் என்பதையும் அவரே பேசி முடித்திருந்தார். மீதி இரண்டு நாள் உடம்பு சரியில்லாதவை. அன்று காலையே தகவல் வந்திருந்தது.

என் முதல் வரைவில் "விடுப்பே எடுக்காதவர்" என்று எழுதியிருந்தேன். அது பொய். பதிவேட்டைப் பார்க்காமல் நல்லெண்ணத்தில் எழுதியது. உண்மை அதைவிட நன்றாகவே இருந்தது. படிப்பையும் வேலையையும் ஒன்றாகச் சமாளிப்பவர் எந்த நாளில் வர முடியாது என்பதை முன்கூட்டியே கணித்து, தன்னால் வேறு யாரும் சிரமப்படாமல் ஏற்பாடு செய்கிறார் என்பது, விடுப்பே எடுக்காததைவிடச் சேர்க்கைக் குழுவுக்குப் பயனுள்ள தகவல். கல்லூரியிலும் அவருக்கு அதே நெருக்கடிதான் வரப்போகிறது.

பகுதிநேரம் என்பதை மறைக்காதீர்கள். "14 மாதம் பணிபுரிந்தார்" என்று மட்டும் எழுதினால் முழுநேரம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். விண்ணப்பத்தில் அவர் வேறு கணக்குக் கொடுத்திருந்தால் இரண்டும் முட்டும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மொத்தம் எத்தனை மணி நேரம் என்று எழுதிவிடுங்கள். இவருக்கு 171 ஷிப்ட், 684 மணி நேரம். குறைவாகத் தெரிகிறதே என்று தயங்க வேண்டாம். படித்துக்கொண்டே செய்த 684 மணி நேரம் அது.

பதிவேடே இல்லாத சிறிய இடமாக இருந்தால் எண்ணை இட்டுக்கட்டாதீர்கள். பதிவேடு இல்லாமல் நீங்கள் உறுதியாகச் சொல்லக்கூடியது ஏதாவது இருக்கும். கடையின் சாவி எந்த மாதத்திலிருந்து அவர் கையில் இருந்தது, கல்லாப்பெட்டியை எண்ணும் பொறுப்பை எப்போது கொடுத்தீர்கள் என்பது போல. நம்பி நீங்கள் எதை ஒப்படைத்தீர்கள் என்பதும் சான்றுதான்.

4. வளர்ச்சியைக் காட்ட இரண்டு நாள் போதும்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "குறுகிய காலத்தில் வியக்கத்தக்க வளர்ச்சி கண்டார்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். எங்கிருந்து எங்கே வளர்ந்தார் என்று தெரியாவிட்டால் அந்த வரியால் பயனில்லை.

தொடக்கத்தில் ஒரு நாள், பிற்பாடு ஒரு நாள் என்று இரண்டை எடுங்கள். இரண்டும் ஒரே வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும். இடையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். தொடக்க நாள் ஒரு தவறாக இருந்தால் இன்னும் நல்லது. தவறைச் சொன்னால் ஊழியருக்குக் கெட்ட பெயர் வரும் என்று பயப்படுகிறார்கள். தவறு திருந்திய விதத்தைச் சொல்லாமல் வளர்ச்சியை எப்படிக் காட்டுவது?

மருந்துக்கடையில் நடந்தது இதுதான். சேர்ந்த இரண்டாவது மாதம், புதிதாக வந்த மாத்திரை அட்டைகளை அவர் ரேக்கின் முன்பக்கம் அடுக்கிவிட்டார். பழைய அட்டைகள் பின்னால் போய்விட்டன. காலாவதி தேதி முன்னதாக வருபவைதான் முன்னால் இருக்க வேண்டும், அவைதான் முதலில் விற்க வேண்டும். நான் பின்வரிசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அதில் அச்சிட்டிருந்த மாதத்தைக் காட்டினேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று ஷிப்ட் முடிந்த பிறகும் இருந்து அந்த ரேக் முழுவதையும் மாற்றி அடுக்கினார்.

அதோடு முடிந்திருந்தால் அது ஒழுங்கு. வளர்ச்சி அதற்குப் பிறகு வந்தது. இரண்டு வாரம் கழித்து அவர் கையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. மாதத்துக்கு ஒரு பக்கம், அந்த மாதம் காலாவதியாகும் மருந்துகளின் பெயர், எந்த ரேக், எத்தனை அட்டை என்று எழுதி வைத்திருந்தார். யாரும் சொல்லிச் செய்ததல்ல. ஆறாவது மாதம் காலாவதிச் சோதனைப் பொறுப்பை அவரிடமே கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஷிப்டில், அடுத்த 90 நாளுக்குள் காலாவதியாகும் அட்டைகளைத் தனிப்பெட்டியில் எடுத்து வைத்து, திருப்பி அனுப்பும் பட்டியலைத் தயார் செய்வார். பத்தாவது மாதம் புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்த நோட்டை வைத்துத்தான் வேலை கற்றுக்கொடுத்தார்.

சான்றுக்கு ஸ்டாக் ரெஜிஸ்டர் இருந்தது. அவர் பொறுப்பேற்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் ரேக்கிலேயே காலாவதியாகிப் போன அட்டைகள் 42. அடுத்த ஆறு மாதத்தில் 6. பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது, அப்படியே எழுதினேன். பிறகுதான் நினைவு வந்தது: அதே காலத்தில் மெதுவாக விற்கும் மருந்துகளை வாங்குவதையும் நான் குறைத்திருந்தேன். குறைந்ததில் ஒரு பங்கு அதனாலும் இருக்கும். ஆகவே கடிதத்தில் அந்தக் காரணத்தையும் சேர்த்தேன். இப்படி ஒரு வரி சேர்ப்பதால் கடிதம் பலவீனமாகாது. எண்ணைச் சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்ற நம்பிக்கை வந்தால், மற்ற வரிகளையும் நம்பிப் படிப்பார்கள்.

5. படிப்போடு எங்கே தொடர்பு என்று பாருங்கள்

நீங்கள் பார்த்தது வேலையைத்தான். வகுப்பறையை நீங்கள் பார்க்கவில்லை. "சிறந்த மாணவராக விளங்குவார்" என்று உறுதி கொடுக்க உங்களிடம் ஆதாரம் கிடையாது. ஆசிரியரின் கடிதம் அந்த வேலையைச் செய்யும். நீங்கள் பார்த்த பழக்கம் அந்தப் படிப்புக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒன்றிரண்டு வரியில் சொன்னால் போதும்.

இங்கே இன்னொரு ஆபத்து உண்டு. மருந்தியல் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாரே என்று "நோயாளிகளுக்கு மருந்து வழங்கினார்" என்று எழுதத் தோன்றும். பதிவுபெற்ற மருந்தாளுநர் செய்ய வேண்டிய வேலை அது. சரக்கு அடுக்கியவர் செய்தார் என்று எழுதினால், படிக்கும் பேராசிரியர் முதலில் அதைத்தான் கவனிப்பார். ஊழியர், கடை இரண்டு பேருமே சிக்கலில் மாட்டுவார்கள். எதைச் செய்தார், எதைச் செய்யவில்லை என்ற எல்லையைத் தெளிவாகச் சொல்லுங்கள். எந்தத் தொழிலானாலும் உரிமம் உள்ளவர் மட்டும் செய்யும் வேலையை உதவியாளர் பெயரில் ஏற்றாதீர்கள்.

6. எழுதும் வரிசை

குறிப்புகள் கைக்கு வந்த பிறகு எழுத அரை மணி நேரம் போதும். ஒரு பக்கம், நான்கு பத்தி. எந்த மொழியில் எழுதினாலும் இதே வரிசைதான்.

முதல் பத்தியில் நீங்கள் யார், அவரை எந்த நிலையிலிருந்து, எவ்வளவு காலம் பார்த்தீர்கள் என்பது வரட்டும். சொல்பவர் யார் என்று தெரியாமல் சொல்வதை எடைபோட முடியாது.

"இந்த மருந்துக்கடையின் மேலாளராக, இவருடைய வேலையை 14 மாதம் நேரடியாக மேற்பார்வையிட்டேன். வாரம் மூன்று ஷிப்ட், மொத்தம் 684 மணி நேரம், சரக்குப் பிரிவில் பகுதிநேரமாகப் பணியாற்றினார். மருந்து வழங்கும் பொறுப்பு இவருக்கு இருக்கவில்லை."

இரண்டாம் பத்தி நம்பகத்தன்மை. எண்ணும், எண்ணுக்குப் பின்னால் இருக்கும் நடத்தையும்.

"போட்ட 180 ஷிப்டில் 171க்கு வந்தார். வராத ஒன்பதில் ஏழு தேர்வு நாட்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு வாரம் முன்பே சொல்லி, மாற்று ஆளையும் இவரே ஏற்பாடு செய்தார்."

மூன்றாவது வளர்ச்சி. கடிதத்தின் பாதி இடத்தை இதற்கே கொடுங்கள்.

"இரண்டாம் மாதத்தில் புதிய சரக்கைப் பழையதற்கு முன்னால் அடுக்கும் தவறைச் செய்தார். சுட்டிக்காட்டிய இரண்டே வாரத்தில், மாதவாரியாகக் காலாவதி விவரம் எழுதும் நோட்டு ஒன்றைத் தானாகவே தொடங்கினார். ஆறாம் மாதம் காலாவதிச் சோதனையை இவரிடம் ஒப்படைத்தேன். ரேக்கில் காலாவதியான அட்டைகள் அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் 42, பிந்தைய ஆறு மாதத்தில் 6. கொள்முதலை நாங்கள் குறைத்ததும் இதற்கு ஒரு காரணம். ஆனால் தவறவிட்ட அட்டைகளை முன்கூட்டியே கண்டுபிடித்துக் கொடுத்தது இவருடைய நோட்டுதான்."

நான்காம் பத்தியில் படிப்புக்கான தொடர்பு, பரிந்துரை வரி, தொடர்புக்கு எண். "மீண்டும் இடம் இருந்தால் இவரையே வேலைக்கு எடுப்பேன்" என்ற வரி உண்மையாக இருந்தால் மறக்காமல் சேருங்கள். வேலை கொடுத்தவர் மட்டுமே சொல்லக்கூடிய வரி அது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. கடிதத்தில் உள்ள பெயரடைகளை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். அந்த ஆள் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தால் கடிதம் தேறிவிட்டது. பக்கம் காலியானால் மூன்றாவது படிக்குத் திரும்புங்கள். அனுபவச் சான்றிதழின் பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றியவர்களுக்கு இந்தச் சோதனையில் இரண்டு தேதிகள்தான் மிஞ்சும். சான்றிதழ் "இங்கே வேலை பார்த்தார்" என்று மட்டும் சொல்லும். எப்படி வேலை பார்த்தார் என்பதைச் சொல்லத்தான் பரிந்துரைக் கடிதம்.

7. குறையும் தரவரிசைக் கட்டமும்

இணையப் படிவங்களில் சில, "நீங்கள் பார்த்தவர்களில் இவர் முதல் 5 சதவீதத்திலா, 10 சதவீதத்திலா, 25 சதவீதத்திலா" என்று கட்டம் போட்டுக் கேட்கும். எல்லாவற்றிலும் முதல் கட்டத்தையே தட்டிவிட்டுப் போகிறார்கள். இதுவரை எட்டுப் பகுதிநேர ஊழியர்களைத்தான் மேற்பார்வையிட்டிருக்கிறீர்கள் என்றால் முதல் 5 சதவீதம் என்பதற்குப் பொருளே இல்லை. கடிதத்தில் "நான் மேற்பார்வையிட்ட எட்டுப் பேரில், சுயமாகக் கற்பதில் இவரே முதல்" என்று எழுதுங்கள். எட்டு என்பது சின்ன எண்தான், ஆனால் பொருளுள்ள எண். நீங்கள் பார்க்காத குணத்தைப் பற்றிக் கேட்டால், "கருத்துச் சொல்லும் வாய்ப்பு இல்லை" என்ற கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தேர்வு செய்வதில் தவறில்லை.

குறையைக் கேட்டால் உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள், இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது என்பதோடு. இவருக்கு உதவி கேட்கத் தயக்கம் இருந்தது. ஸ்டாக்கிஸ்ட் பில்லில் சந்தேகம் வந்தால் தானே அரை மணி நேரம் போராடுவார். பிறகு, பத்து நிமிடத்துக்குள் கணக்கு நேராகவில்லை என்றால் கேட்டுவிட வேண்டும் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். கடைசி மாதங்களில் கேட்டார். "அளவுக்கு மீறி உழைப்பதே இவருடைய குறை" என்ற வரியைச் சேர்க்கைக் குழுவினர் ஆயிரம் முறை பார்த்திருப்பார்கள்.

8. எழுதக் கூடாதவை

குடும்பக் கஷ்டம், உடல்நிலை, திருமணம், மதம், சாதி இவை எதையும் உங்கள் விருப்பத்துக்கு எழுதாதீர்கள். அனுதாபம் கிடைக்கும் என்று எண்ணி ஒரு மேற்பார்வையாளர், ஊழியரின் தந்தைக்கு வந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார். அந்த ஊழியர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சூழ்நிலையை விளக்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், அவர் சம்மதித்த வார்த்தைகளில் எழுதுங்கள்.

9. சரிபார்த்து அனுப்புங்கள்

படிப்பின் பெயர், நிறுவனத்தின் பெயர், அவருடைய பெயரின் எழுத்துக்கூட்டு மூன்றும் விண்ணப்பத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். இரண்டு இடங்களுக்கு எழுதும்போது ஒரு கல்லூரியின் பெயர் மற்றதன் கடிதத்தில் தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. லெட்டர்ஹெட், தேதி, கையெழுத்து, பதவி, தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். நிறுவனத்தின் மின்னஞ்சல் இருந்தால் அதையே கொடுங்கள். யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய இலவச முகவரியிலிருந்து வரும் கடிதத்தைச் சில இடங்களில் கூடுதலாகச் சரிபார்ப்பார்கள்.

கடிதத்தை ஊழியருக்குக் காட்டலாமா என்பது இடத்தைப் பொறுத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பங்களில், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று மாணவர் தேர்வு செய்யும் கட்டம் இருக்கும். 1974இல் வந்த ஃபெர்பா சட்டம் தரும் உரிமை அது. அவர் விட்டுக்கொடுத்திருந்தால் நேரடியாக நிறுவனத்துக்கே அனுப்பிவிடுங்கள். தேதிகளையும் மணிக்கணக்கையும் மட்டும் தனியாக அவரிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பதிவேற்றும் இணைப்பு பல நேரம் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடும். அவர் விண்ணப்பித்த அன்றே அங்கே பாருங்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, போய்ச் சேர்ந்த உறுதிச் செய்தியை ஊழியருக்குத் தெரிவியுங்கள். கடிதத்தின் நகலையும் நீங்கள் எடுத்த கணக்குக் குறிப்பையும் ஒரே கோப்பில் வையுங்கள். சேர்க்கை அலுவலகத்திலிருந்து அழைத்து "இந்த 42 எங்கிருந்து வந்தது" என்று கேட்டால், ரெஜிஸ்டரின் எந்தப் பக்கம் என்று உடனே சொல்ல முடியும்.